திரை ஒதுங்கும் இடம்

செய்தித்தாள் வேலையை விட்டுவிட்டு செவிலிமேட்டில் (காஞ்சிபுரத்தை ஒட்டிய ஊர்) குடியேறிய புதிதில் எங்கள் வீட்டு ஜன்னல்களில் ஒன்றுமே இல்லை. விடிந்ததும் வெயில் நேராகக் கட்டில் வரை வந்துவிடும். திரைச்சீலை வாங்கத்தான் அந்தக் கடைக்குப் போனேன். போனவள், அடுத்த இரண்டு வருடம் அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம். புடவைக் கடைகளுக்கு நடுவே புடவையே இல்லாத கடை அது. ஜன்னல் திரை, கதவுத் திரை, தரைவிரிப்பு, சோபா உறை. மாதிரித் துணிகளைக் கூரையிலிருந்து வரிசை வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இரண்டு வரிசை தாண்டி உள்ளே போனால் தெருவின் சத்தம் பாதியாகிவிடும். நான்காவது வரிசைக்குப் பிறகு பஸ் ஹாரன்கூட வேறெந்த ஊரிலோ கேட்பதுபோல இருக்கும். மின்விசிறி சுழலும்போது அத்தனை துணியும் ஒன்றன்பின் ஒன்றாக லேசாக அசையும். சுவரில்லாத அறைகளாலான வீட்டில் நடப்பது போலிருக்கும். மதியத்தில் எனக்கு அங்கே தூக்கம் வரும், ஆனால் தூங்கியதில்லை.

கடைக்காரம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர். திருமுக்கூடல் பக்கத்து விவசாயக் குடும்பம். நான் அக்கா என்றேன், அவர் எல்லோரையும் சொல்வதுபோல என்னையும் 'மா' என்றார். நான் பத்திரிகையில் இருந்தவள் என்று தெரிந்த அன்றே வேலை கொடுத்துவிட்டார்.

"மெட்ராஸ்ல ஃபிளாட் ஃபிளாட்டா கட்டிக்கினு இருக்காங்க. அவங்களுக்கு ஒரு நோட்டீஸ் அனுப்பணும்மா. தொட்டுப் பாக்காமலே வாங்கணும். அந்த மாரி எழுதிக் குடுங்க."

தொட்டுப் பார்க்காமல் வாங்குகிறவருக்கு எதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்தேன். அவர் எழுதி வைத்திருந்த வரைவில் 'கண்ணைக் கவரும்', 'மனதை மயக்கும்' இரண்டையும் அடித்தேன். கடைசியில் நின்றது இதுபோல் இருந்தது:

"கதவுத் திரை. பாவு பட்டு, ஊடை பருத்தி. சாதா நெசவு. துணியின் அகலம், அதாவது பன்னா, 48 அங்குலம். தைத்து முடித்த உயரம் 84 அங்குலம். பின்புறம் வெள்ளைப் பருத்தி லைனிங். அது மேல்துணியைவிட ஒரு அங்குலம் குட்டை, முன்னாலிருந்து தெரியாது. தரைவிரிப்பு, 5 அடிக்கு 3 அடி. பருத்தி. அடியில் வழுக்காத ரப்பர் பூச்சு, ஆகவே ஒரு பக்கம்தான் விரிக்கலாம்."

கீழே அளக்கும் முறை: "இரும்பு டேப்பால் அளக்கவும், துணி டேப் நாளாக ஆக இழுபடும். கதவை அளக்க வேண்டாம், கம்பியை அளக்கவும். உயரத்தை வளையத்தின் கண்ணிலிருந்து தொடங்கி, தரைக்கு அரை அங்குலம் மேலே நிறுத்தவும். கொசுவம் நன்றாக விழ, கம்பி நீளத்தைப்போல் இரண்டு மடங்கு துணி தேவை. தரைவிரிப்புக்கு, கதவு திறக்கும் வீச்சை விட்டுவிட்டு அளக்கவும்."

தையல் மெஷினிலிருந்த பாய் அதை வாங்கிப் படித்தார். கடையின் டெய்லர் அவர். பேசும்போதும் கால் பெடலிலேயே இருக்கும்.

"இன்னா அம்மா, எக்ஸ்ரே ரிப்போர்ட் மாரி இருக்குது."

"அழகுன்னு ஒரு வார்த்தையாவது போடுங்கம்மா," என்றார் அக்கா.

"அளவு சரியா இருந்தா, மாட்டினப்புறம் அவங்களே சொல்லிப்பாங்க அக்கா."

"மாட்டினப்புறம் சொல்றதுக்கு நாம எதுக்கு?" என்று முணுமுணுத்தார். ஆனாலும் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

அக்காவுக்கு ஒரு தங்கை. ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் போன ஸ்கூட்டரை லாரி இடித்ததில் இடுப்பெலும்பு முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். அப்போது அக்கா வேண்டிக்கொண்டது இது: தங்கை தன் காலில் நின்று பெருமாளைச் சேவிக்க வேண்டும், அன்றைக்குத் திறக்கும் திரை நான் கொடுத்ததாக இருக்க வேண்டும். சின்னக் காஞ்சிபுரத்தில் தேர் ஓடாத, கூட்டம் சேராத சிறிய பெருமாள் கோயில். தங்கை இப்போது கைத்தடியோடு நடக்கத் தொடங்கியிருந்தாள். நிற்கவும் முடிந்தது, இடது கைக்கு எதையாவது பிடித்துக்கொள்ளக் கிடைத்தால். ஒரு சனிக்கிழமை என்று முடிவானது. ஞாயிறு அவள் ஓசூர் திரும்ப வேண்டும்.

இங்கேதான் அளவு கஷ்டமானது. கருவறை வாசலுக்குள் போகக்கூடியவர் பட்டர் ஒருவர்தான். நானும் அக்காவும் மண்டபத்துக் கம்பி வரை போகலாம். தைக்கிற பாய் கடையில் இருப்பார். யார் அளக்கிறாரோ அவர் தைப்பதில்லை, யார் தைக்கிறாரோ அவர் பார்ப்பதில்லை. நடுவில் என் நோட்டீஸ்.

பட்டருக்கு நாற்பது வயதிருக்கும். அளவு முறையை நான் படிக்கப் படிக்கத் தலையாட்டினார். கடை டேப்பை மட்டும் வாங்கவில்லை.

"ஆயிரம் கை பட்டிருக்கும். உள்ள எடுத்துண்டு போகப்படாது. நான் புது நூல்ல முடிச்சுப் போட்டுக் கொடுக்கறேன், நீங்கோ அதை வெச்சு அளந்துக்கோங்கோ."

"நூல் இழுபடாம இருக்கணும் சாமி," என்றார் அக்கா.

"பட்டுநூல்மா. உங்க ஊர்ச் சரக்குதான்."

பழைய திரையை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே போனார். துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தித் திரை அது. மண்டபம் இருட்டு, உள்ளே விளக்கு. அதனால் அவருடைய நிழல் முழுதாகத் திரையில் விழுந்தது. இரண்டு கைகளும் மேலே உயர்ந்து, எதையோ பிடித்து, மெதுவாகக் கீழே வந்தன. நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. ஒன்றுமில்லாததை ஒருவர் மேலிருந்து கீழ்வரை நிதானமாக அளப்பதுபோல இருந்தது. பிறகு அப்படியே இடமிருந்து வலம். திரை லேசாக மூச்சு விட்டது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று அப்போதும் தெரியாது.

வெளியே வந்து நூலைக் கொடுத்தவர் ஒன்று கேட்டுக்கொண்டார்.

"புதுசுல இந்த நிழல் தெரியப்படாதும்மா. உள்ள அலங்காரம் ஆறச்சே வெளியில எல்லாரும் சினிமா பாக்கறாப்பல பாத்துண்டு நிக்கறா."

கடையில் நூலை மேசைமேல் நீட்டி இரும்பு டேப்பால் அளந்தோம். இரண்டு கல் நிலைகளுக்கும் நடுவே கம்பி 42 அங்குலம். வளையத்தின் கண்ணிலிருந்து படி வரை 74. அரை அங்குலம் கழித்து எழுபத்து மூன்றரை. கம்பி, கல்லுக்கு உள்ளேயே, குழியில் பொருந்தியிருந்தது. வாசலை நான் காகிதத்தில் வரைந்து பாய்க்குக் காட்டினேன்: வலது பக்கம் குத்துவிளக்கு, அதனால் திரை எப்போதும் இடது பக்கமாகத்தான் ஒதுங்கும். பாய் கேட்டார், "கல்லுல சின்னதா ஓட்ட போடலாமா?" கூடாது என்றேன். "சரி" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

துணியை அக்காவே சொல்லி நெய்ய வைத்தார். அரக்கு நிறம், பாவும் ஊடையும் பட்டு, 48 அங்குலப் பன்னா. கரை ஒரு பக்கம் மட்டும். நான்கு விரல் அகலத்துக்கு வெறும் ஜரிகைக் கோடு, பூவோ யாளியோ கிடையாது. இரண்டு துண்டை நடுவில் சேர்த்துத் தைத்தால், இரு வெளி ஓரத்திலும் பொன் கோடு நிற்கும். இரண்டு மடங்கு துணி, பின்னால் தடித்த டிரில் லைனிங். கொசுவம் கொசுவமாக. அக்கா அதை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது ஒரு குழந்தையை வைத்திருப்பதுபோல கனம் தெரிந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டிப் பார்க்கப் போனோம். தங்கையும் நின்று பழக வந்திருந்தாள். பெண்கள் நிற்கும் பக்கம் இடப்புறம். அங்கே சுவரை ஒட்டி ஓர் இரும்புக் கம்பி. அவள் கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவளால் நிற்க முடிந்த இடம் அது ஒன்றுதான்.

பட்டர் தீர்த்தம் தெளித்துத் திரையை வாங்கி உள்ளே வளையங்களில் மாட்டினார். மூடினார். நிழல் இல்லை. விளக்கு எரிகிறதா என்றுகூடத் தெரியவில்லை. அரக்கு நிறக் கொசுவம் படியிலிருந்து அரை அங்குலம் மேலே நின்று அசையாமல் இருந்தது. மண்டபமே ஒரு கணம் ஆழமானது போலிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

மணியோசை. திரை இடதுபக்கம் ஒதுங்கியது.

எனக்குப் பெருமாள் முழுவதும் தெரிந்தார். நான் நடுவில் நின்றிருந்தேன்.

"அக்கா," என்றாள் தங்கை. "உன் திரை சூப்பரா தெரியுது. பெருமாளத்தான் காணோம்."

"இன்னாடி சொல்ற?"

"வலப்பக்கமா ஒரு கை தெரியுது. அதுக்கப்புறம் பூரா உன் துணிதான்."

அக்கா ஓடிப்போய் அவள் பின்னால் நின்று, அவள் தோள் உயரத்துக்குக் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு மடங்குத் துணியும் தடித்த லைனிங்கும் ஒதுங்கும்போது காணாமல் போய்விடுவதில்லை. பதினோரு அங்குலத்துக்குத் தூணாக நின்றது. நாற்பத்திரண்டில் பதினொன்று. நேராக நிற்பவருக்கு அது ஓர் ஓரம். இடது கோடியிலிருந்து சாய்வாகப் பார்ப்பவருக்கு அதுதான் முழு வாசலும். மூடிய திரையைத்தான் நாங்கள் எல்லோரும் அளந்திருந்தோம். பட்டர் மூடிக்கொண்டு உள்ளிருந்து, நானும் அக்காவும் மூடியதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு, பாய் மூடியதை மனதில் வைத்துக்கொண்டு. திறந்தால் துணி எங்கே போய் நிற்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"கயிறு போட்டு இழுத்துக் கட்டிடலாமா சாமி?" என்றார் அக்கா.

"ஒரு கையில மணி, ஒரு கையில தட்டு. மூடணும்னா சட்டுனு மூடணும். கட்டி அவுக்கறதுக்கு மூணாவது கைக்கு நான் எங்கம்மா போவேன்?"

"வலது பக்கம் ஒதுக்கினா?"

"குத்துவிளக்கு. பட்டு பத்திண்டா உங்களையும் என்னையும் சேர்த்துக் கேப்பா."

"நீ கொஞ்சம் நடுவுல வந்து நில்லேன்டி. நான் பிடிச்சுக்கறேன்."

தங்கை கம்பியிலிருந்து கையை எடுக்கவில்லை. "என் கால்ல நிக்கணும்னு வேண்டிக்கினது நீ. உன் கையில நிக்கணும்னு இல்ல."

யாரும் சிரிக்கவில்லை, அவள் மட்டும் கொஞ்சம் சிரித்தாள். பட்டர் பழைய திரையையே மறுபடி மாட்டினார். அது நான்கு அங்குலத்தில் ஒதுங்கி நின்றது. தங்கை, "இப்ப தெரியறாரு, திருவடி வரைக்கும்," என்றாள். அக்கா அவளைப் பார்க்கவில்லை, மடித்த பட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பியதும் பாய் கேட்டது ஒரே கேள்வி: "மூடினப்ப எப்பிடி இருந்துச்சு?"

"மூடினப்ப பிரமாதம் பாய்," என்று தொடங்கி, திறந்தபோது நடந்ததைச் சொன்னேன். வரைந்த காகிதத்தில் தங்கை நிற்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அங்கிருந்து பெருமாளின் இரண்டு தோள்களுக்கும் இரண்டு கோடுகள் இழுத்தேன். கோடுகள் வாசலை, இடது நிலைக்கு மிக அருகே வெட்டின. பாய் பென்சிலால் நிலையிலிருந்து பட்டை பட்டையாகக் கறுப்பு அடித்துக்கொண்டு வந்து, கோட்டைத் தொட்டதும் நிறுத்தினார்.

"அஞ்சு அங்குலம் போலாம். ஆறு ஆச்சுன்னா தோள் போயிடும்."

"அஞ்சுக்குள்ள அடங்கணும்னா?"

"கொசுவம் வேணாம். ஒரே பன்னா. தட்டையா விடணும்."

அக்கா நிமிர்ந்தார். "தட்டையாவா? லாட்ஜ் கதவுல தொங்கற மாரியா? சொந்தக்காரங்க எல்லாம் வராங்க. பெருமாளுக்குப் போய்த் துணிய மிச்சம் புடிச்சிட்டாளேன்னு சொல்லுவாங்க."

இந்த ஊரில் அந்தப் பயம் நியாயமானது. பட்டு இங்கே எடையாலும் மடிப்பாலும் பேசும். ஒரு கல்யாணத்தில் பெண் நடந்துவரும்போது முகத்தைப் பார்க்கும் முன்பே கொசுவத்தைப் பார்க்கிறவர்கள் உண்டு. தட்டையாகத் தொங்கும் பட்டு அவர்கள் கண்ணுக்கு ஏழ்மை.

"இதுல இன்னொண்ணு இருக்குது," என்றார் பாய். "கொசுவம் போச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு மடிப்பு இருக்காது. ஒத்தப் பட்டு. டிரில்ல எடுத்துட்டு மெல்லிசா லைனிங் குடுத்தா நிழல் தெரியும். டிரில்லயே விட்டா அஞ்சுல அடங்காது."

தெருவில் விளக்கு ஏற்றியிருந்தார்கள். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினார், கடை விளக்குகளை அணைத்தார், அளவு மேசையில் இருந்த குண்டு பல்பை மட்டும் விட்டார். அதன் முன்னால் கையை நீட்டி விரல்களை விரித்துக்கொண்டு நின்றார்.

"போடுங்க பாய். எது என் கைய மறைக்குதுன்னு பாப்போம்."

ஒரு மணி நேரம் போல அது நடந்தது. பாய் பட்டின் பின்னால் ஒவ்வொரு லைனிங்காக வைத்துப் பல்புக்கு முன்னால் பிடிப்பார். நான் இந்தப் பக்கம் நின்று கண்டதைச் சொல்ல வேண்டும். வெள்ளை மல்: ஐந்து விரலும், மோதிரமும் தெரிந்தன. வெள்ளைக் காடா: விரல்கள், மோதிரம் இல்லை. பட்டு நிறத்திலேயே ஒரு சாட்டின்: உள்ளங்கை ஒரு மேகம்போல. அணைத்த கடைக்குள் தொங்கும் துணிகள் எல்லாம் நிறமிழந்து, அந்த அரக்கு வெளிச்சத்தில் அக்காவின் கை மட்டும் வந்து வந்து போனது. யாருடையதோ கை, எங்கிருந்தோ அசைகிறது என்று தோன்றும். விரலை மடக்கிக் காட்டி, "இப்ப?" என்பார். "ரெண்டு," என்பேன். "இப்ப?" "தெரியுது, எத்தனைன்னு தெரியல."

கருநீலப் பாப்ளினை வைத்தபோது ஒன்றுமே இல்லை. மெல்லிய துணிதான், ஆனால் நெருக்கமான நெசவு. அடர்ந்த நிறம் மிச்ச வெளிச்சத்தையும் குடித்துக்கொண்டது.

"கைய எடுத்துட்டீங்களா அக்கா?"

"இல்லமா. ஆட்டிக்கினு இருக்கேன்."

நாங்கள் மூவரும் அப்படியே சற்று நின்றோம். பாய்க்குக் கை வலித்திருக்க வேண்டும்.

"பிரிச்சுடுங்க," என்றார் அக்கா. நடுத் தையலைச் சொன்னார். "லாட்ஜ்னு சொன்னா சொல்லிக்கினு போறாங்க. அவ பாக்கணும்."

வெள்ளிக்கிழமை முழுக்கப் பாய் வேறு வேலை எடுக்கவில்லை. நடுத்தையல் பிரிந்து இரண்டு திரைக்கான துணி ஆனது. ஒன்றைத்தான் தைத்தார். பக்க ஓரங்களை மடித்தது போக அகலம் 44; கம்பியைவிட இரண்டு அங்குலம் கூடுதல், அவ்வளவுதான் தளர்ச்சி. ஜரிகைக் கரை ஒரு பக்கம்தான் என்பதால், அதை வலப்பக்கம் வருமாறு வைத்தார்; திரை ஒதுங்கும்போது முன்னால் வந்து நிற்கும் ஓரம் அது. கருநீல லைனிங்கைப் பட்டைவிட ஒரு அங்குலம் குட்டையாக விட்டார். தட்டையான துணி காற்றில் விசிறாமல் இருக்க அடிமடிப்பின் இரு மூலைகளிலும் சின்ன ஈயக்குண்டு வைத்தார். எட்டு வளையம். கடையில் ஒரு கம்பியை 42 அங்குலத்துக்கு வெட்டி மாட்டி இழுத்துப் பார்த்தோம். டேப் நாலே முக்காலைக் காட்டியது. பாய், "இதை நோட்டீஸ்ல போடாதீங்க, அப்புறம் எல்லாரும் கேப்பாங்க," என்றார்.

மிச்சத் துண்டை என்ன செய்வது என்று பட்டரிடம் கேட்டோம். "அதையும் தைச்சுக் கொடுத்துடுங்கோ. ஒண்ணு தோய்க்கப் போனா ஒண்ணு வேணுமே," என்றார். அக்காவின் முகம் அன்றுதான் கொஞ்சம் தெளிந்தது. துணி எதுவும் பெருமாளிடமிருந்து திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை சொந்தக்காரர்கள் வந்தார்கள். மூடிய திரையைப் பார்த்து ஒரு பெரியம்மா, "கொசுவமே வெக்கலியா?" என்று கேட்டார். அக்கா கேட்காததுபோல முந்தானையைச் சரிசெய்துகொண்டார். தட்டையாக விழுந்த அரக்குப் பட்டில் நெசவு தெரிந்தது. கொசுவத்தில் ஒளிந்திருந்த ஒவ்வொரு இழையும் மண்டபத்தின் மங்கல் வெளிச்சத்தில் நீர்ப்பரப்பு போலக் கிடந்தது. அதற்குப் பின்னால் பட்டர் மாலை சாற்றிக்கொண்டிருந்திருப்பார். வெளியே ஒரு கையின் நிழல்கூட விழவில்லை.

தங்கை கம்பியைப் பிடித்து நின்றாள். கைத்தடி என்னிடம்.

மணி அடித்தது. வளையங்கள் ஒன்றோடொன்று உரசி ஓடும் சிறிய சத்தம். பொன் கோடு இடதுபக்கம் நகர்ந்து போய், கல் நிலைக்கு அருகே, அரைச் சாண் மடிப்புகளின் முன்னால் நேராக நின்றது. உள்ளே விளக்கு. கற்பூரத் தட்டு மேலே எழுந்தது.

நான் சந்நிதியைப் பார்க்காமல் தங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் அப்படித்தான்.

"தெரியுதாடி?"

கம்பியைப் பிடித்திருந்த தங்கையின் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, கை கம்பியின்மேல் சும்மா கிடந்தது. பிறகு அதுவும் எழுந்து மறு கையோடு சேர்ந்தது. அக்கா அவள் வலப்பக்கம் சற்று முன்னால் வந்து, இரண்டு கைகளையும் அவள் இடுப்பைச் சுற்றித் தொடாமல் வைத்துக்கொண்டு நின்றார். தீபம் கீழே இறங்கும்வரை அவள் எதையும் பிடிக்காமல் நின்றாள்.

"அக்கா," என்றாள் பிறகு, சந்நிதியிலிருந்து கண்ணை எடுக்காமல். "தள்ளு. மறைக்கற."

அக்கா அரையடி பின்னால் நகர்ந்தார்.